நில்

அந்தப் பையனை முதல் தடவை பார்த்தபோது நான் தவறாகத்தான் சொன்னேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல முடியாது.

நாலு வயது. தை மாதம், அறுவடை நேரம். கிளினிக் கதவைத் திறப்பதற்கு முன்பே அம்மாவும் பிள்ளையும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் இரண்டு கண் இமைகளும் உப்பியிருந்தன. இரவெல்லாம் அழுதுவிட்டுத் தூங்கி எழுந்த முகம்போல இருந்தது. கண்ணில் சிவப்பு இல்லை, பீளை இல்லை. "கண்ணக் கசக்குறானா?" என்று கேட்டேன். "எப்பவாச்சும் கசக்குவான் சார்" என்றார். அது போதுமாக இருந்தது எனக்கு. நெல் தூசி பறக்கும் காலம், வாசலில் இன்னும் பத்துப் பேர். ஒவ்வாமை என்று சொல்லி, செட்ரிசின் மருந்தை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தேன்.

மருந்து வேலை செய்தது. அதாவது, வேலை செய்ததாக அந்த அம்மா நம்பினார். காலையில் வீங்கியிருக்கும் கண், மருந்து கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பி மத்தியானம் வரும்போது வடிந்திருந்தது. மறுநாள் காலை மறுபடி வீக்கம், மறுபடி மருந்து, மறுபடி மத்தியானம் வடிதல். ஐந்து நாளும் இப்படியே போனது. நான் கொடுத்த சிரப்புக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. படுத்திருக்கும்போது உடம்பில் தேங்கிய நீர், தோல் மெல்லிசாகவும் தளர்வாகவும் இருக்கும் இடத்தில் போய் நிற்கும். முகத்தில் அப்படிப்பட்ட இடம் கண் இமை. எழுந்து நடமாடத் தொடங்கினால் அதே நீர் மெல்லக் கீழே இறங்கி, சாயங்காலம் கணுக்காலில் சாக்ஸ் பதிந்த தடமாகத் தெரியும். ஒவ்வாமையில் வரும் வீக்கத்துக்கு இந்த நேர ஒழுங்கு பெரும்பாலும் இருக்காது. ஐந்து நாளும் ஒரே மணிக்கு வந்து ஒரே மணிக்குப் போகும் வீக்கத்தைப் பற்றி நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பதினோரு நாள் கழித்து அவர் திரும்ப வந்ததற்குக் கண் காரணமில்லை, அரைஞாண் கயிறு.

"ஒரே வாரத்துல ரெண்டு தடவ கயித்தத் தளத்திட்டேன் சார். பொங்கலுக்கு நானே அளவெடுத்துத் தச்ச டவுசரு, இப்ப கொக்கி மாட்ட மாட்டேங்குது. பக்கத்து வீட்டுல எல்லாம் புள்ள தேறிட்டான், கொழுகொழுன்னு இருக்கான்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அவர் தையல் வேலை செய்பவர். ஊரே பார்த்து மகிழ்ந்ததை ஒரு இஞ்ச் டேப் மறுத்திருக்கிறது. பையனைப் படுக்க வைத்து முன்னங்கால் எலும்பின் மேல் கட்டை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தேன். பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல் குழி அப்படியே நின்றது. வயிறு பளபளத்தது. விதைப்பையும் வீங்கியிருந்தது. எடை 18 கிலோ. போன மாதம் அங்கன்வாடி அட்டையில் எழுதியிருந்தது 15.

"ஒண்ணுக்கு எப்படிம்மா போறான்?"

"கொறச்சலாத்தான் போறான். ஆனா நொரை நிக்குது சார், சோப்புத் தண்ணி மாதிரி. பாத்ரூம் கழுவுற பவுடருன்னு நெனச்சேன்."

எல்லா நுரையும் நோயல்ல. வேகமாக விழும் எந்தச் சிறுநீரும் நுரைக்கும்; ஒரு நிமிடத்துக்குள் குமிழி உடைந்து தெளிந்துவிடும். புரதம் கலந்த நுரை சின்னச் சின்னக் குமிழிகளாக அடுக்கி நிற்கும், தண்ணீர் ஊற்றினாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இதையும் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு தடவை பார்த்துச் சொல்லி நான் தோற்றிருந்தேன்.

அதனால் அன்றைக்கு அவர் எதிரிலேயே பழைய முறைச் சோதனையைச் செய்தேன். சோதனைக் குழாயில் முக்கால்வாசி சிறுநீர். குழாயைச் சாய்த்து, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கீழ்ப்பாதி சூடாகாமல் இருப்பது ஒப்பிட்டுப் பார்க்க. மேலே கொதி வரும்போது கலங்கினால் நாலைந்து சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம் விட வேண்டும். வீட்டில் என்றால் வினிகர் போதும். கலங்கல் தெளிந்துவிட்டால் அது வெறும் பாஸ்பேட் உப்பு. தெளியாமல் நின்றால் புரதம். பையனின் குழாயில் கீழ்ப்பாதி மஞ்சளாகத் தெளிவாக இருக்க, மேல்பாதி வெள்ளையாகக் கட்டிக்கொண்டது.

"முட்ட வெள்ளக்கரு மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

அவர் உவமையாகச் சொன்னது கிட்டத்தட்ட உண்மை. ஆல்புமின் என்ற பெயரே முட்டை வெள்ளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இரத்தத்தில் இருக்க வேண்டிய அந்தப் புரதம் குழாயில் இருந்தது. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது: டெசிலிட்டருக்கு மூன்றரை கிராமுக்கு மேல் இருக்க வேண்டிய ஆல்புமின் 1.8. கொழுப்பு 400-ஐத் தாண்டியிருந்தது; புரதம் குறையும்போது கல்லீரல் அதை ஈடுகட்ட அவசர அவசரமாக உற்பத்தி செய்கையில் கொழுப்பும் சேர்ந்து ஏறிவிடும். யூரியா, கிரியாட்டினின் இயல்பு. இரத்த அழுத்தம் இயல்பு. சிறுநீரில் இரத்தம் இல்லை. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்.

கிட்னி என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் வெளிறியது. கிட்னி என்றாலே டயாலிசிஸ் என்றுதான் நம் ஊரில் காதில் விழும். "கிட்னி பழுதாகலம்மா, சல்லடைதான் கெட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, என் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினேன். சிறுநீரகத்தின் ஒவ்வொரு நுண்வடிகட்டியிலும், இரத்தக்குழாயின் வெளிப்புறத்தைச் சுற்றி ஒருவகைச் செல்கள் இப்படித்தான் விரல் கோத்து உட்கார்ந்திருக்கின்றன. விரலுக்கும் விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியே நீர் போகும். அந்த இடுக்கில் கட்டிய மெல்லிய திரை ஆல்புமினைத் தடுக்கும். இந்த நோயில் அந்த விரல்கள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. கேட்டால் இடுக்கு அடைபட்டதுபோல் தோன்றும். நடப்பது நேர்மாறு, திரை குலைந்து புரதம் ஒழுகுகிறது. ஆல்புமின்தான் இரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது. அது போனால் நீர் வெளியே கசிந்து தசையிலும் தோலடியிலும் தேங்கும். சிறுநீரகமும் தன் பங்குக்கு உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மீதி எல்லாம் வீக்கம்.

இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வருவதில் மிகப் பெரும்பான்மைக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயரின் பொருள், 'மிகக் குறைந்த மாற்றம்'. சிறுநீரகத் துணுக்கை எடுத்துச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். விரல்கள் தட்டையானது எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரியும். பிள்ளை மூன்று கிலோ நீரோடு எதிரில் உட்கார்ந்திருப்பான், கண்ணாடித் தகட்டில் ஒன்றுமே இருக்காது. அந்த இடுக்குத் திரையின் முக்கியப் புரதமான நெஃப்ரினை 1998-இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த நெஃப்ரினையே எதிரியாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் கணிசமான பிள்ளைகளின் இரத்தத்தில் இருப்பதும், நோய் கிளம்பும்போது அவை ஏறி, அடங்கும்போது இறங்குவதும் 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் தெளிவானது. நான் படித்த காலத்தில் பாடப்புத்தகத்தில் அந்த இடம் வெறும் ஊகமாக இருந்தது.

இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளை, சிறுநீரில் இரத்தம் இல்லை, அழுத்தம் இல்லை என்றால் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே இல்லை. நேராக ஸ்டீராய்டு. பிள்ளை மருந்துக்கு என்ன பதில் சொல்கிறது என்பதுதான் பரிசோதனை.

ஸ்டீராய்டு என்றதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஜிம்முக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி என்று நினைத்திருக்கிறார். அது வேறு, இது வேறு என்று சொல்லி உட்கார வைத்தேன். முதலில் காசநோய் உட்பட உள்ளே ஏதாவது தொற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். பிறகு பிரெட்னிசலோன், கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில். எந்தக் கிலோவுக்கு? தராசு காட்டும் 18-க்கு அல்ல. அதில் மூன்று கிலோ தண்ணீர். 15 கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதாவது மூன்று பத்து மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறு வாரம் தினமும். அதன்பின் கிலோவுக்கு ஒன்றரை வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள், இன்னும் ஆறு வாரம். நடுவில் ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தான் சுரப்பதை நிறுத்திவிடும். சட்டென்று மாத்திரையை எடுத்துவிட்டால் காய்ச்சல் வரும் நாளில் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது.

சாப்பாட்டில் நான் சொன்னது ஒன்றுதான்: வீக்கம் வடியும் வரை உப்பைக் குறையுங்கள்; அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் வேண்டாம். பருப்பையும் முட்டையையும் நிறுத்தச் சொல்லவில்லை. புரதம் ஒழுகுகிறது என்று தினம் ஆறு முட்டை ஊட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கிட்னிக்கு ஆகாது என்று பருப்புத் தண்ணீரைக்கூட நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓட்டைக் குடத்தில் கூடுதலாக ஊற்றுவதாலும் குறைவாக ஊற்றுவதாலும் ஓட்டை அடைபடாது.

முதல் பத்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன், ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவர்கள் என் கண்ணைப் பார்த்த பார்வையைத் தாங்குவது எளிதாக இல்லை. பதினோராம் நாள் இரவு பையன் நாலு தடவை எழுந்து சிறுநீர் போனான். மறுநாள் ஏழு தடவை. குழாயில் கலங்கல் மெலிந்தது. அடுத்த மூன்று காலையும் தெளிந்த நீர். எடை 14.8.

பிள்ளை பிழைத்தான் என்று மகிழ வேண்டிய அன்றைக்குத்தான் அந்த அம்மா அழுதார். நீர் வடிந்ததும் விலா எலும்பு தெரிந்தது, தொடை குச்சியானது. தெருவில் எல்லோரும், "என்ன இப்படி எளச்சிட்டான்? மருந்து ஒத்துக்கலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதத்தில் மாத்திரை தன் வேலையைக் காட்டியது. அடங்காத பசி, கன்னம் உருண்டு நிலாபோல் ஆனது, தொட்டதற்கெல்லாம் கோபம். இப்போது தெருவுக்கு மறுபடி சந்தோஷம்: புள்ள தேறிட்டான்.

ஒரே முகம் இரண்டு தடவை உருண்டது, ஒருமுறை நோயால், ஒருமுறை மருந்தால். உண்மையில் நன்றாக இருந்த நாட்களில் பார்ப்பவர்கள் பரிதாபப்பட்டார்கள். நோய் வீக்கம் இமையில் தொடங்கும், காலையில் ஏறி மாலையில் இறங்கும், அழுத்தினால் குழியும். மருந்துக் கன்னம் நாள் முழுக்க அப்படியே இருக்கும், அழுத்தினால் குழியாது. இந்த வித்தியாசத்தை நான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அந்த அம்மா அதற்குள் முகத்தை நம்புவதையே விட்டுவிட்டார்.

அவர் நம்பியது நோட்டு ஒன்றை. ஸ்கேல் வைத்து நாலு கட்டம்: தேதி, எடை, மாத்திரை, யூரின். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீர், அடுப்பில் குழாய், வினிகர், பிறகு எழுத்து. கலங்கலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து எழுத்து மங்கலாகத் தெரிந்தால் ஒன்று, எழுத்து மறைந்தால் இரண்டு, துகள் துகளாகத் திரிந்தால் மூன்று, கட்டியாகத் திரண்டால் நாலு. லேசான புகைபோல் இருந்தால் 'ட்ரேஸ்'. ஒன்றுமே இல்லை என்றால், நான் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்த சொல்லை அவர் காதில் விழுந்தபடி தமிழில் எழுதினார்: நில்.

அந்தப் பக்கத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேலிருந்து கீழ்வரை வரிசையாக நில், நில், நில், நில். ஒரு தாய் ஓடும் பிள்ளையைப் பார்த்துக் கத்துவதுபோல் இருந்தது. அல்லது ஒழுகும் எதையோ பார்த்து.

மூன்று மாத மருந்து முடிந்து இரண்டு மாதம் நில் ஓடியது. பிறகு ஒரு சளிக்காய்ச்சல். முதல் நாள் ட்ரேஸ், மறுநாள் இரண்டு. பதறிப்போய்ப் போன் செய்தார். காத்திருங்கள் என்றேன். காய்ச்சலே கொஞ்சம் புரதத்தை ஒழுக விடும், சில பிள்ளைகளுக்கு அது தானாகவே தெளிந்துவிடும். அதனால்தான் தொடர்ந்து மூன்று காலை மூன்றோ நாலோ வந்தால் மட்டுமே ரிலாப்ஸ் என்று வைத்திருக்கிறோம். அடுத்தடுத்த மூன்று நாளும் மூன்று. கண்ணில் வீக்கம் இல்லை, எடை ஏறவில்லை, பையன் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். பார்த்தால் யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். அன்றைக்கே மறுபடி தினசரி மாத்திரை. இந்தத் தடவை ஆறு வாரம் தேவையில்லை. மூன்று நாள் தொடர்ந்து தெளிந்தால் போதும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக நாலு வாரம். எட்டாம் நாள் நில். முகம் வீங்கவே இல்லை. குழாய் முகத்தை முந்திக்கொண்டது.

அப்போது அவர் கேட்ட கேள்வி எல்லாத் தாய்மாரும் கேட்பது: "மொத தடவையே இன்னும் ரெண்டு மூணு மாசம் சேத்துக் குடுத்திருந்தா திரும்ப வந்திருக்காதுல்ல?"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன், அப்படித்தான் கொடுத்தும் இருக்கிறேன். 2013 முதல் 2019 வரை நெதர்லாந்து, ஜப்பான், இந்தியா, இங்கிலாந்து என்று ஒவ்வொரு நாட்டிலும் இதையே சோதித்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. முதல் சுற்றைக் கூடுதல் மாதங்களுக்கு நீட்டிய பிள்ளைகளுக்கும் நீட்டாதவர்களுக்கும் அடிக்கடி திரும்ப வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதிகம் கொடுத்து எதிர்காலத்தை வாங்கிவிடலாம் என்ற கணக்கு பொய்த்தது. மாத்திரை இன்றைய ஒழுக்கை அடைக்கும். அடுத்த மாதத்துக்கு அது எந்தப் பொறுப்பும் ஏற்காது. ஸ்டீராய்டுக்கு அடங்கும் பிள்ளைகளில் பெரும்பான்மைக்கு ஒருமுறையாவது திரும்ப வரும், ஏறக்குறைய பாதிப்பேருக்கு அடிக்கடி வரும். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது என் கொள்கை. சொல்லாவிட்டால் முதல் ரிலாப்ஸை அவர்கள் தங்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் என் தவறாக.

இரண்டாவது ரிலாப்ஸுக்கு ஒரு தவறு காரணமாக இருந்தது. அப்பாவுக்கு உறவில் கல்யாணம், வெளியூர். நோட்டும் குழாயும் வீட்டில். அங்கே பையனின் உருண்ட கன்னத்தையும் முதுகில் அரும்பிய பூனைமுடியையும் பார்த்த பெரியவர் ஒருவர், இந்த மாத்திரை பிள்ளையைக் கொன்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒன்றரை வாரம் யாரும் யூரினைப் பார்க்கவில்லை. ஊர் திரும்பியபோது கண் மூடிப்போகும் அளவு வீக்கம், காய்ச்சல், வயிற்றைத் தொட்டால் அலறல்.

அந்த வயிற்று வலியைக் கண்டதும் நான் கிளினிக்கில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. சிறுநீரில் ஒழுகுவது ஆல்புமின் மட்டுமல்ல. கிருமியை எதிர்க்கும் புரதங்களும், இரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களும் சேர்ந்தே போகின்றன. வயிற்றில் தேங்கிய நீரில் நிமோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்தால் தடுக்க ஆளில்லை. ஸ்டீராய்டும் பெனிசிலினும் வருவதற்கு முன் இந்த நோயில் பிள்ளைகள் இறந்தது பெரும்பாலும் சிறுநீரகம் செயலிழந்து அல்ல, இப்படிப்பட்ட தொற்றில்தான். காய்ச்சலோடு வயிற்று வலி, தோலில் சூடான சிவப்பு, கடுமையான தலைவலி, வாந்தியோடு சோர்வு: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஆன்டிபயாடிக் ஏறியது. நிறுத்திய ஸ்டீராய்டையும் உடனே திரும்பத் தொடங்கினார்கள்.

அப்பாவை நான் திட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்து முடிவெடுத்தார். சில மாதங்களுக்கு முன் நானும் அதையேதான் செய்திருந்தேன், சுவரில் பட்டமும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் இருந்துகொண்டே.

ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை வந்துவிட்டதால் பாதை மாறியது. குழந்தைச் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினேன். குறைந்த அளவு ஸ்டீராய்டு ஒருநாள் விட்டு ஒருநாள் நீண்ட காலம், கூடவே லெவாமிசோல். ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் பழைய மருந்துதான். இந்த நோயில் ரிலாப்ஸைக் குறைக்கிறது, அதனால் ஸ்டீராய்டையும் குறைக்க முடிகிறது. சில பிள்ளைகளுக்கு அது போதாமல் மைக்கோபினோலேட், டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் வரை போக வேண்டியிருக்கும். ஆறு வாரம் தினசரி ஸ்டீராய்டு கொடுத்தும் குழாய் தெளியாத சிறுபான்மை ஒன்று உண்டு. அவர்களுக்குத்தான் துணுக்குப் பரிசோதனை, மரபணுச் சோதனை, சிறுநீரகம் கெட்டுப்போகும் உண்மையான அச்சம். அந்தக் கதை வேறு. ஸ்டீராய்டுக்கு அடங்கும் பிள்ளைக்கு எத்தனை தடவை திரும்ப வந்தாலும் சிறுநீரகம் பெரும்பாலும் கெடுவதில்லை. வயதுக்கு வரும் காலத்தில் பலருக்கு நின்றும் போகிறது. கெடுவது வேறு: மாத்திரை குட்டையாக்கும் உயரம், கண்ணில் படியும் புரை, அழுத்தம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணும் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு முழுக்க அவர்கள் ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்டது, "குணமாயிடுச்சா?" என்பதுதான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நம் பேச்சில் நோய்க்கு இரண்டே நிலை: இருக்கிறது, போய்விட்டது. மஞ்சள்காமாலை போய்விட்டது, அம்மை இறங்கிவிட்டது. இது இறங்குவதுமில்லை, போவதுமில்லை. அடங்குகிறது. அடங்கியது எழும், எழுந்தது அடங்கும். ஆங்கில மருத்துவச் சொல்லை நான் உச்சரித்துக் காட்டினால் அவர்கள் தலையாட்டுவார்கள், வெளியே போய் "குணமாயிடுச்சுன்னுதான் சொல்றாரு" என்பார்கள்.

கடைசியில் அதற்கான சொல் அவர் நோட்டிலேயே இருந்தது. நான் சொல்லிக் கொடுத்த சொல்லுக்கு இன்மை என்று பொருள், ஒன்றுமில்லை, தீர்ந்தது. அவர் எழுதிய சொல் அப்படி எதையும் சொல்லவில்லை. அது ஓர் ஏவல். ஓடக்கூடிய ஒன்றைப் பார்த்துத்தான் நில் என்று சொல்வோம். அது இந்தக் கணம் நிற்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் வாக்களிப்பதில்லை. நாளைக் காலை மறுபடி சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டு வைத்தியத்தில் நான் முடிவு என்று நினைத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய பல இடங்கள் உண்மையில் இந்தச் சொல்லின் இடங்கள்தான் என்று அந்த நோட்டைப் பார்க்கும்போது தோன்றியது. நான் அதைக் குணம் என்று எழுதிக் கோப்பை மூடினேன். அவர் தேதி போட்டு எழுதி, அடுத்த வரிக்குப் போனார்.

அவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நீங்க சொன்னதத்தானே சார் எழுதினேன்" என்றார்.

பையனுக்கு இப்போது ஒன்பது வயது. லெவாமிசோலை நிறுத்தி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் முகம் வீங்குவதற்கு முன்பே பிடிபட்டது. இப்போது குழாயும் வினிகரும் இல்லை. சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, ஒரு நிமிடம் கழித்து டப்பாவில் அச்சிட்ட நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். மஞ்சள் என்றால் இல்லை, பச்சை கூடக்கூட அதிகம். அதை அவனே செய்கிறான், அம்மா வாசலில் நின்று "என்னடா?" என்று மட்டும் கேட்கிறார். போன வாரம் சளிக்கு வந்தபோது ஐந்தாவது நோட்டை என் மேசை மேல் வைத்தான். அம்மாவின் கையெழுத்து மூன்றாவது நோட்டோடு நின்றுபோய், அவனுடைய கோணல் எழுத்து தொடங்கியிருந்தது. எடை 27. காய்ச்சல் வந்த நாளுக்கு எதிரே ட்ரேஸ், மறுநாள் ட்ரேஸ், அன்றைக்குக் காலை நில்.

பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த மாதம் முழுவதற்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒன்று முதல் முப்பது வரை தேதி எழுதி வைத்திருந்தான். எதிரே கட்டங்கள் காலி.